மேலெழுதப்படும் மீதி: துவிதக் கோவையில் இயங்கும் வங்கிக் கணக்குச் செய்நிரல்

சி மொழியினைக் கற்கும் மாணவர் எழுதிப் பழகும் முழுமையான செய்நிரல்களுள் வங்கிக் கணக்குச் செய்நிரலும் ஒன்றாகும். திரையில் ஒரு தெரிவுப் பட்டியல் தோன்றும்; புதிய கணக்குத் திறத்தல், பணம் வைப்பிலிடல், பணம் மீளப்பெறல், கணக்குகளைப் பட்டியலிடல், வெளியேறல் என்பன அதில் இலக்கமிடப்பட்டிருக்கும். பயனர் ஓர் இலக்கத்தை அழுத்த, அதற்குரிய பணி நிறைவேறி, மீண்டும் பட்டியல் தோன்றும். இப்பகுதி எளிதானது. ஒரு சுழலும் அதனுள் ஒரு `switch` கூற்றும் இதற்குப் போதும். செய்நிரலின் உண்மையான சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. வைப்பிலிட்ட பணம் கோவையிலுள்ள பழைய மீதியின்மேல் எழுதப்படும் அந்த நான்கைந்து வரிகளே இங்கு நோக்கற்குரியன. அவ்வரிகளில் நேரும் பிழை செய்நிரலை நிறுத்துவதில்லை. ஒருவரது பணத்தை ஓசையின்றி மறையச் செய்கின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும் அதனைக் கண்டறியும் வழியினையும் ஒரு சிறு உதாரணத்தின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

கணக்குகளைப் பாடக் கோவையில் சேமித்தால் 8000 என்பது நான்கு எழுத்துகளாகவும் 12000 என்பது ஐந்து எழுத்துகளாகவும் எழுதப்படும். ஆகவே, ஒரு பதிவு எங்கு தொடங்குகின்றதென்பதை அதற்கு முன்னுள்ளவை அனைத்தையும் வாசித்தே அறிதல் வேண்டும். மீதி ஓரிலக்கம் நீளுமாயின், பின்னுள்ள யாவும் நகர்த்தப்படல் வேண்டும். துவிதக் கோவையிலோ எண், நினைவகத்தில் உள்ளவாறே பைற்றுகளாக எழுதப்படுகின்றது. அதனால் ஒவ்வொரு பதிவும் ஒரே நீளமுடையதாய் அமைகின்றது. நாம் எடுத்துக்கொள்ளும் பதிவின் அமைப்பு வருமாறு:

```c
struct account {
    int32_t number;     /*  0 -  3 */
    char    name[83];   /*  4 - 86 */
    char    type;       /* 87      */
    int64_t balance;    /* 88 - 95 */
};
```

இதன் நீளம் 96 பைற்றுகள். முதலாவது பதிவு கோவையின் 0ஆம் பைற்றிலும், இரண்டாவது 96ஆம் பைற்றிலும், மூன்றாவது 192ஆம் பைற்றிலும் தொடங்கும். நூறாவது பதிவு வேண்டுமாயின் 99 × 96 = 9504ஆம் பைற்றுக்கு நேரே செல்லலாம். பதிவின் இடத்தைப் பெருக்கலால் அறிய முடிவதே இம்முறையின் பலம். பின்னர் காணவிருப்பது போன்று, அதன் பலவீனமும் அதுவே.

மீதி முழு எண்ணாக, அதாவது ரூபாவில் அன்றிச் சதத்தில், வைக்கப்பட்டுள்ளது. பத்துச் சதத்தை 0.10 எனத் தசமத்தில் எழுதினால் துவித எண்முறையில் அதனைத் துல்லியமாகக் குறித்தல் இயலாது. பல சிறு கொடுக்கல் வாங்கல்களின் பின்னர் மீதியில் அரைகுறைச் சதங்கள் சேரும். எட்டுப் பைற்று முழு எண்ணைக் கொண்டதன் காரணம், நான்கு பைற்று முழு எண் ஏறக்குறைய 2 கோடியே 14 இலட்சம் ரூபாவுடன் நிரம்பிவிடும் என்பதாகும்.

பெயருக்கென 83 பைற்றுகள் ஒதுக்கியமைக்கும் காரணமுண்டு. இப்புலத்தை 31 பைற்றுகளாக அமைப்பதும் உண்டு. ஆங்கிலப் பெயர்களுக்கு அது போதும். தமிழெழுத்தில் பெயரை எழுதும்போது, இன்று வழக்கிலுள்ள யூ.ரி.எப்-8 குறிமுறையில், ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைற்றுகளைக் கொள்கின்றது. சிவசுப்பிரமணியம் என்னும் பெயர் கண்ணுக்குப் பத்தெழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணினால் பதினாறு குறிகள். ஆகவே 48 பைற்றுகள். 31 பைற்றுப் புலத்தில் இறுதிப் பூச்சியம் போக எஞ்சும் 30 பைற்றுகளில் அவர் ‘சிவசுப்பிர’ என நின்றுவிடுவார். அளவைச் சோதிக்காத `strcpy` கொண்டு பெயரைப் படியெடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மிகுதிப் பைற்றுகள் புலத்தின் எல்லையைக் கடந்து, அடுத்துள்ள கணக்கு வகையிலும் மீதியிலும் வழிந்து விழக்கூடும். தம் பெயரின் கடையெழுத்துகளே தமது மீதியாகக் காட்சியளிக்கும் நிலை அவ்வாடிக்கையாளருக்கு நேரும்.

இனி மீதி புதுப்பிக்கப்படும் முறைக்கு வருவோம். கோவையில் மூன்று கணக்குகள் உள்ளன எனக் கொள்க: 1001இல் 8,000 ரூபா, 1002இல் 12,000 ரூபா, 1003இல் 45,000 ரூபா. கோவையின் நீளம் 288 பைற்றுகள். மீதிகளின் கூட்டுத்தொகை 65,000 ரூபா. 1002ஆம் கணக்கில் 500 ரூபா வைப்பிலிடப்படுகின்றது.

```c
f = fopen("accounts.dat", "rb+");
while (fread(&a, sizeof a, 1, f) == 1) {
    if (a.number == wanted) {
        a.balance += amount;
        fseek(f, -(long)sizeof a, SEEK_CUR);
        fwrite(&a, sizeof a, 1, f);
        break;
    }
}
fclose(f);
```

கோவையொன்று திறந்திருக்கும்போது, அடுத்த வாசிப்போ எழுத்தோ எங்கு நிகழும் என்பதைக் குறிக்கும் இடங்காட்டியொன்று உண்டு. முதலாவது பதிவை வாசித்ததும் அது 96இல் நிற்கும். 1002ஐ வாசித்ததும் 192இல் நிற்கும். நாம் தேடிய பதிவை இனங்கண்டுகொள்ளும் கணத்தில் இடங்காட்டி அதனைக் கடந்து, அடுத்தவரின் வாசலில் நிற்கின்றது என்பதே கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி. ஆகவேதான் `fseek` அதனை 96 பைற்றுகள் பின்னோக்கி நகர்த்துகின்றது. அதன்பின் எழுதப்படும் பதிவு பழைய பதிவின்மேல் சரியாகப் பொருந்தும். கூட்டுத்தொகை 65,500 ஆகும்.

அந்த ஒரு வரி விடுபட்டால் யாது நிகழும்? 12,500 ரூபா மீதியுடைய 1002இன் புதிய பதிவு 192ஆம் பைற்றில், அதாவது 1003இன் மேல், எழுதப்படலாம். 1003க்குரியவர் தம் 45,000 ரூபாவுடன் கோவையிலிருந்து நீங்கிவிடுகின்றார். 1002 இருமுறை தோன்றுகின்றது. இரண்டாமிடத்தில் 12,000, மூன்றாமிடத்தில் 12,500. அவர் மீதியை வினவினால் செய்நிரல் முதலிற் காணும் பதிவையே காட்டும். வைப்பு ஏறவில்லை என எண்ணி அலுவலர் மீண்டும் அதே தொகையைப் பதிவார். கூட்டுத்தொகை 65,500க்குப் பதிலாக 32,500 ஆகியிருக்கும். ‘எழுதப்படலாம்’ எனக் கூறியதற்குக் காரணமுண்டு. ஒரே கோவையில் வாசிப்பிலிருந்து எழுத்துக்கு மாறும்போது, வாசிப்பு கோவையின் முடிவை எட்டியிருந்தாலன்றி, இடையில் `fseek` போன்றதொரு செயற்கூற்றினை அழைத்தல் வேண்டும் என்பது சி மொழியின் நியமம். அதனை மீறினால் விளைவு நூலகத்துக்கு நூலகம் வேறுபடும். ஆகவே அவ்வரி இரண்டு பணிகளைச் செய்கின்றது: இடத்தைத் திருத்துகின்றது, செயலின் திசைமாற்றத்தையும் அறிவிக்கின்றது.

இப்பிழையைக் கோவையின் நீளத்தைக் கொண்டு பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. முன்னும் 288, பின்னும் 288. இறுதிக் கணக்கில் இது நேர்ந்தால் மட்டுமே நீளம் 384 ஆகும். `rb+` என்பதற்குப் பதிலாக `ab+` எனத் திறந்தவருக்கோ எக்கணக்கிலும் நீளம் கூடும். ஏனெனில் அம்முறையில் இடங்காட்டியை எங்கு நகர்த்தினாலும் எழுத்து யாவும் கோவையின் இறுதியிலேயே சேரும். எனவே இரண்டு சோதனைகள் தேவை: ஒரே கணக்கிலக்கம் இருமுறை வருகின்றதா என்பது ஒன்று, கூட்டுத்தொகையின் மாற்றம் வைப்புத் தொகைக்குச் சமமா என்பது மற்றொன்று. பட்டியலில் இறுதிக் கணக்கு மட்டும் இருமுறை தோன்றிக் கோவையின் நீளம் சரியாக இருந்தால், அது வேறொரு பிழை. `while (!feof(f))` என எழுதி, வாசிப்பு வெற்றி பெற்றதா எனப் பாராமல் அச்சிட்டதன் விளைவு அது. கோவைக்கு அதனால் ஊறில்லை.

அடுத்து நோக்கப்படுவது இதனினும் நுட்பமானது. `rb+` என்பதிலுள்ள `b` என்னும் எழுத்தை மாணவர் விட்டுவிடுவதுண்டு. லினக்ஸ் இயக்க முறைமையில் அதனால் எவ்வித வேறுபாடும் இல்லை. விண்டோஸில் அவ்வெழுத்து இல்லாவிடின் கோவை பாடமுறையில் திறக்கப்படும். பாடமுறையில் வரிமுடிவைக் குறிக்கும் 0A என்னும் பைற்று எழுதப்படும் ஒவ்வொரு தடவையும் அதன் முன்னே 0D என்னும் பைற்றொன்று சேர்க்கப்படும். வாசிக்கும்போது அது மீண்டும் நீக்கப்படும். இது தொலையச்சுப் பொறிகளின் மரபில் வந்த வழக்கம்: வண்டியை இடப்புறம் மீட்க ஒரு குறி, தாளை ஒரு வரி உயர்த்த ஒரு குறி. எழுத்துக்கு இது பொருந்தும். ஆனால் மீதி எழுத்தன்று. அதன் பைற்றுகளுள் ஒன்று தற்செயலாக 0A ஆக இருக்கக்கூடும்.

1002க்குரியவர் தமது 12,500 ரூபாவிலிருந்து 12,474 ரூபா 30 சதத்தை மீளப்பெறுகின்றார் எனக் கொள்வோம். எஞ்சுவது 25 ரூபா 70 சதம், அதாவது 2570 சதம். இதனைப் பதினாறடி எண்முறையில் எழுதினால் 0A0A ஆகும். சிறிய பைற்று முதலில் வரும் இன்றைய கணனிகளில் மீதிப் புலம் பின்வருமாறு எழுதப்படல் வேண்டும்:

```
0A 0A 00 00 00 00 00 00
```

பாடமுறையிலோ இது பின்வருமாறு ஆகின்றது:

```
0D 0A 0D 0A 00 00 00 00 00 00
```

எட்டுப் பைற்றுகள் பத்தாகிவிட்டன. புலம் தொடங்குவது கோவையின் 184ஆம் பைற்றில். ஆகவே கடைசி இரண்டு பைற்றுகளும் 192, 193 என்னும் இடங்களில் விழுகின்றன. அவ்விடங்கள் 1003இன் கணக்கிலக்கத்துக்கு உரியவை. 1003 என்னும் எண் EB 03 00 00 என அங்கு இருந்தது; இப்பொழுது 00 00 00 00 ஆகிவிட்டது. அவ்வாடிக்கையாளரின் பெயரும் 45,000 ரூபாவும் கோவையில் அப்படியே இருக்க, அவரது கணக்கிலக்கம் மட்டும் பூச்சியமாகின்றது. 1003 எனத் தேடினால் அப்படியொரு கணக்கில்லை எனச் செய்நிரல் விடை கூறும்.

இதே கோவையைச் சரியான துவித முறையில் வாசித்தால் 1002இன் மீதியாகக் கிடைப்பது 168626701 சதம். அதாவது 25 ரூபா 70 சதம் வைத்திருந்தவர் 16 இலட்சத்து 86 ஆயிரத்து 267 ரூபாவுக்கும் ஒரு சதத்துக்கும் உரியவராகின்றார். பாடமுறையிலேயே வாசித்தாலோ சேர்க்கப்பட்ட 0D பைற்றுகள் நீங்கி, அவரது மீதி 25.70 எனச் சரியாகவே தெரியும். ஆனால் அப்பதிவை வாசிக்க 98 பைற்றுகள் செலவாகிவிட்டன, எஞ்சியவை 94. முழுப் பதிவொன்று கிடைக்காமையால் `fread` பூச்சியத்தை விடையாகத் தர, சுழல் நின்றுவிடும். பட்டியலில் இரண்டு கணக்குகளே காணப்படும். பணம் மீளப்பெற்றவரின் கணக்கு ஒழுங்காகத் தோன்ற, அவருக்கு அடுத்தவர் மறைந்துபோவதால், பிழையின் மூலத்தை மறைந்தவரின் கணக்கிலேயே தேடி ஏமாறுவர். அண்மையில் எழுதப்பட்ட பதிவு எது என்று வினவி, அதன் மீதியைப் பதினாறடி எண்ணாக மாற்றிப் பார்த்தலே பயன்தரும் வழி.

1A என்னும் பைற்றுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1974இல் தோன்றிய சி.பி./எம். என்னும் இயக்க முறைமை கோவையின் நீளத்தை 128 பைற்றுகள் கொண்ட தொகுதிகளாகவே கணக்கிட்டது. பாடம் தொகுதியின் இடையில் முடிந்தால், முடிந்த இடத்தைக் காட்ட 1A இடப்பட்டது. எம்.எஸ்.டொஸ் வழியாக இவ்வழக்கம் விண்டோஸின் பாடமுறை வாசிப்பிலும் தங்கிவிட்டது. 66 ரூபா 56 சதம் மீதியுடைய ஒருவர் கோவையில் இருந்தால் போதும்; 6656 என்பது பதினாறடி எண்முறையில் 1A00 ஆதலின், அவரது மீதியை வாசிக்கும் இடத்திலேயே கோவை முடிந்ததாகக் கருதப்படும். அவரும் அவருக்குப் பின்னுள்ள அனைவரும் பட்டியலிலிருந்து மறைவர். அவர் கணக்கில் ஒரு சதம் குறைந்திருந்தால் இப்பிழை எழாது. ரூபாவை முழுமையாகவே இட்டுச் சோதிக்கும் மாணவரின் கண்ணுக்கு இத்தகைய பிழை எளிதில் அகப்படாமைக்கு இதுவே காரணம்.

இதுகாறும் கூறியவை, சரியாக எழுதினால் நீங்கும் பிழைகள். வரிகள் யாவும் சரியாக அமைந்த செய்நிரலிலும் நீங்காத குறையொன்று உண்டு. 1003இலிருந்து 1001க்கு 5,000 ரூபா மாற்றப்படல் வேண்டும் என்க. இதற்கு இரண்டு எழுத்துகள் தேவை: 45,000 என்பது 40,000 ஆதல்; 8,000 என்பது 13,000 ஆதல். முதலாவது எழுதப்பட்டு இரண்டாவது எழுதப்படுமுன் மின்சாரம் நின்றால், ஒருவரிடமிருந்து நீங்கிய பணம் மற்றவரைச் சென்றடையவில்லை. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுகளைக் கண்ட நம் நாட்டு வாசகருக்கு இது வெறுங் கற்பனையாகத் தோன்றாது. மீண்டும் செய்நிரலை இயக்கினால் 5,000 ரூபா குறைந்திருப்பது கூட்டுத்தொகையால் தெரியும். ஆனால் அது எவருக்குரியது என்பதை அறிய வழியில்லை. மேலெழுதுதல் பழைய மீதியை அழித்துவிட்டது.

இங்குதான் கைக்கணக்கு எழுதியோரின் முறை நினைவுகூரற்பாலது. அவர்கள் பேரேட்டை மட்டும் வைத்திருந்தாரல்லர். கொடுக்கல் வாங்கல் முதலில் நாளேட்டிற் பதியப்பட்டு, அதன்பின்னரே பேரேட்டுக்கு மாற்றப்பட்டது. நாம் எழுதிய செய்நிரலோ நாளேடு இல்லாத பேரேடு. தரவுத்தள ஆய்வாளர் ஜிம் கிரே 1981இல் வெளியிட்ட, கொடுக்கல் வாங்கல் என்னும் எண்ணக்கருவை ஆராயும் கட்டுரையில், இவ்விரு மரபுகளின் வேறுபாட்டினை, அதாவது பழையதை அழித்தெழுதுவதற்கும் மாற்றங்களைப் பதிந்து செல்வதற்கும் இடையிலான வேறுபாட்டினை, விரிவாக எடுத்து நோக்குகின்றார்.

நம் செய்நிரலுக்கு நாளேடு சேர்ப்பது கடினமன்று. இரண்டாவது துவிதக் கோவையொன்றில், மாற்றம் தொடங்குமுன் ஒரு பதிவு எழுதப்படும்: 1003இன் புதிய மீதி 40,000, 1001இன் புதிய மீதி 13,000, நிலை, நிறைவுறவில்லை. அது தட்டினைச் சென்றடைந்தது உறுதியான பின்னரே பேரேட்டுக் கோவையின் இரு பதிவுகளும் மேலெழுதப்படும். அவையும் தட்டினைச் சென்றடைந்த பின்னர் நாளேட்டின் நிலை, நிறைவுற்றது என மாற்றப்படும். செய்நிரல் தொடங்கும்போது, தெரிவுப் பட்டியலைக் காட்டுமுன், நாளேட்டின் இறுதிப் பதிவை நோக்கும். நிறைவுறாத பதிவு இருப்பின், அதிலுள்ள இரு மீதிகளையும் பேரேட்டில் மீண்டும் எழுதும். நாளேட்டுப் பதிவே அரைகுறையாக நின்றிருந்தால் அதனைப் புறக்கணிக்கலாம். பேரேடு அப்போது தொடப்பட்டிருக்கவில்லை. அரைகுறைப் பதிவினைக் கண்டறிய நாளேட்டின் நீளம் பதிவின் நீளத்தால் மீதியின்றி வகுபடுகின்றதா எனப் பார்த்தல் பெரும்பாலும் போதும்.

நாளேட்டில் ‘5,000 கழி’ என எழுதாமல் ‘மீதி 40,000’ என எழுதுவதில் ஒரு பொருளுண்டு. மின்சாரம் எக்கணத்தில் நின்றது என்பது நமக்குத் தெரியாது. முதலாவது எழுத்து நிகழ்ந்ததா என்பதும் தெரியாது. கழிக்குமாறு எழுதியிருந்தால், ஏற்கெனவே கழிக்கப்பட்ட கணக்கில் இரண்டாம் முறையும் கழிபட்டு 35,000 ஆகக்கூடும். மீதியையே எழுதியிருந்தால் எத்தனை முறை திரும்ப எழுதினும் 40,000 தான். மீட்பு நடந்துகொண்டிருக்கையில் மீண்டும் மின்சாரம் நின்றாலும் கேடில்லை.

‘தட்டினைச் சென்றடைந்த பின்னர்’ என்னும் சொற்றொடருக்குச் சற்று விளக்கம் வேண்டும். `fwrite` பைற்றுகளைத் தட்டில் எழுதுவதில்லை. செய்நிரலின் நினைவகத்திலுள்ள ஓர் இடைக்களஞ்சியத்தில் இடுகின்றது. `fflush` அவற்றை இயக்க முறைமையிடம் கையளிக்கின்றது. இயக்க முறைமையும் அவற்றைத் தன் நினைவகத்தில் சில கணம் வைத்திருக்கும். லினக்ஸில் `fsync`, விண்டோஸில் `_commit` என்பவற்றை அழைத்தாலே அவற்றைத் தட்டில் எழுதிமுடிக்குமாறு அது பணிக்கப்படும். இவ்வழைப்புகள் இல்லாவிடின், நாளேட்டுக்கு முன்னரே பேரேடு தட்டினை அடைதல் கூடும். அப்பொழுது நாளேடு வைத்ததன் பயன் அற்றுப்போகும். ஒவ்வோர் அழைப்பும் நேரத்தைக் கொள்ளும் என்பதும் உண்மை. சுழலும் தட்டில் அது மில்லிசெக்கன் கணக்கில் அமையும். ஒரே மேசையிலிருந்து இயக்கப்படும் செய்நிரலுக்கு அது ஒரு பொருட்டன்று.

ஒரே மேசை என்பது இம்முறையின் எல்லையுமாகும். இரண்டு கணனிகள் ஒரே கோவையைத் திறந்து, இரண்டும் 1002இன் 12,000 ரூபாவை வாசித்து, ஒன்று 500ஐயும் மற்றொன்று 700ஐயும் கூட்டி எழுதினால், பின்னர் எழுதியதே நிலைக்கும். 13,200 இருக்கவேண்டிய இடத்தில் 12,700 இருக்கும். நாளேட்டில் இரண்டு பதிவுகளும் நிறைவுற்றனவாகவே காணப்படும். இதனைத் தடுக்க, வாசிக்குமுன் அப்பதிவின் 96 பைற்றுகளையும் பூட்டி, எழுதிய பின்னர் விடுவித்தல் வேண்டும். லினக்ஸில் `fcntl`, விண்டோஸில் `LockFileEx` என்பன கோவையின் ஒரு பகுதியை மட்டும் பூட்டும் வசதியைத் தருகின்றன. பூட்ட வேண்டிய பகுதியின் தொடக்கத்தையும் நாம் முன்னர் கண்ட அதே பெருக்கலே தரும்.